இரண்டு தாயக்கட்டைகளின் கூட்டுத்தொகை: நிகழ்தகவு அட்டவணையும், மொத்தம் சரியாக வந்தும் விடை பிழைக்கும் இடமும்

ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபோது அண்ணனின் மகள் தன் கணிதக் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். தரம் 11 படிக்கிறாள். இரண்டு தாயக்கட்டைகளை ஒன்றாக எறிந்து, மேலே விழும் இரண்டு எண்களையும் கூட்டினால் 2 முதல் 12 வரை எந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு நிகழ்தகவோடு வரும் என்பதுதான் கணக்கு.

"மாமி, எல்லாத்தையும் கூட்டிப் பார்த்திட்டன். சரியா ஒண்டு வருது. ஆனா விடை பிழையாம்."

கொப்பியில் அவள் எழுதியிருந்தது இதுதான். 2-க்கு ஒரு வழி, 3-க்கு ஒன்று, 4-க்கு இரண்டு, 5-க்கு இரண்டு, 6, 7, 8 மூன்றுக்கும் மும்மூன்று, 9-க்கும் 10-க்கும் இவ்விரண்டு, 11-க்கும் 12-க்கும் ஒவ்வொன்று. மொத்தம் 21. ஒவ்வொரு எண்ணிக்கையையும் 21-ஆல் வகுத்துப் பின்னமாக எழுதியிருந்தாள். பின்னங்களைக் கூட்டினால் 21/21, அதாவது 1. கூட்டலில் ஒரு குறையும் இல்லை. அப்படியிருந்தும் பதினொரு பின்னங்களில் ஒன்றுகூடச் சரியில்லை.

இந்தப் பிழை எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால்தான் அட்டவணை கைவரும். ஆகவே முதலில் அந்த 21 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு அட்டவணைக்குப் போவோம்.

## ஒரு கட்டைக்கு நிறம் பூசுங்கள்

லூடோப் பெட்டியில் இருந்த இரண்டு கட்டைகளும் வெள்ளை. அவள் 11-ஐ "5-உம் 6-உம்" என்று ஒரே ஒரு வழியாக எண்ணியிருந்தாள். 12-ஐ "6-உம் 6-உம்" என்று அதுவும் ஒரே வழியாக எண்ணியிருந்தாள். இரண்டு கட்டைகளும் ஒரே மாதிரி இருக்கும்போது கண்ணுக்கு அப்படித்தான் படும்.

ஒரு கட்டையின் ஆறு முகங்களிலும் மூலையோரமாக ஊசிமுனை அளவில் சிவப்புக் கியூடெக்ஸ் வைத்தேன். தடிப்பாகப் பூசினால் கட்டை ஒரு பக்கம் சாயும். அடையாளம் தெரிந்தால் போதும். காய்ந்த பிறகு அவள் கையில் இரண்டையும் கொடுத்து, "11 வாற மாதிரி வை பாப்பம்" என்றேன். சிவப்பில் 5, வெள்ளையில் 6 வைத்தாள். "வேற விதமா 11 வை" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டையும் திருப்பினாள். சிவப்பில் 6, வெள்ளையில் 5.

"இப்ப 12 வை." வைத்தாள். "வேற விதமா?"

சிவப்புக் கட்டையைத் தூக்கி வெள்ளைக்கு மற்றப் பக்கம் வைத்தாள். பிறகு தானே தலையை ஆட்டினாள். சிவப்பிலும் 6, வெள்ளையிலும் 6, இடம்தான் மாறியிருக்கிறது. கட்டை மேசையில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பது கணக்கில் இல்லை. எந்தக் கட்டையில் எந்த எண் என்பதுதான் கணக்கு.

உடனே அவள் நியாயமான கேள்வி ஒன்று கேட்டாள். "ஆனா மாமி, கணக்கில நிறம் பூசின கட்டை எண்டு சொல்லேல்லையே?" நிறம் பூசியதால் கட்டை விழும் விதம் மாறாது. பூசுவதற்கு முன்பும் அவை இரண்டு தனிக் கட்டைகள்தான், நமக்குத்தான் வேறுபாடு தெரியவில்லை. இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக எறியுங்கள். 12 வேண்டுமென்றால் முதல் கட்டை 6 விழுந்தே ஆகவேண்டும், வேறு எது விழுந்தாலும் அங்கேயே வாய்ப்பு முடிந்தது. 11 வேண்டுமென்றால் முதல் கட்டை 5 விழுந்தாலும் வாய்ப்பு இருக்கிறது, 6 விழுந்தாலும் இருக்கிறது. ஆகவே 12-ஐப் போல இரண்டு மடங்கு 11-க்கு உண்டு.

நுண்கணிதத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான லைப்னிட்சே இந்த இடத்தில் தவறியிருக்கிறார். இரண்டு கட்டைகளில் 11 விழுவதும் 12 விழுவதும் ஒரே அளவு எளிது, இரண்டும் ஒவ்வொரு விதமாகத்தான் வரமுடியும் என்று அவர் எழுதினார். மருமகளிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

## 36 பெட்டிகள்

சிவப்பு ஆறு விதமாக விழலாம். அந்த ஒவ்வொன்றுக்கும் வெள்ளை ஆறு விதமாக விழலாம். 6 × 6 = 36 பேறுகள். கட்டைகள் கோடாதவை என்றால் இந்த 36-உம் சமமாக நேரக்கூடியவை. இந்த 36-ஐ எண்ணிப் பெறவில்லை, பெருக்கிப் பெற்றோம். இதைக் கொப்பியின் மேல் மூலையில் முதலிலேயே எழுதி வட்டமிட்டு வையுங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

சதுரக் கோட்டுக் கொப்பியில் நெய்யரி ஒன்றை வரையுங்கள். நிரைகளுக்குச் சிவப்பு, நிரல்களுக்கு வெள்ளை. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டின் கூட்டுத்தொகையை எழுதுங்கள்.

| சிவப்பு ↓ வெள்ளை → | 1 | 2 | 3 | 4 | 5 | 6 |
|---|---|---|---|---|---|---|
| 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 |
| 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8 |
| 3 | 4 | 5 | 6 | 7 | 8 | 9 |
| 4 | 5 | 6 | 7 | 8 | 9 | 10 |
| 5 | 6 | 7 | 8 | 9 | 10 | 11 |
| 6 | 7 | 8 | 9 | 10 | 11 | 12 |

பெட்டிக்குப் பெட்டி கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நிரையும் அதற்கு மேலுள்ள நிரையைவிட ஒன்று கூடத் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏறும். நிரப்பி முடிந்ததும் சாய்வாகப் பாருங்கள். இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலை வரை ஓடும் சாய்கோட்டில் 7 மட்டும்தான் இருக்கும். அதற்கு இருபுறமும் உள்ள சாய்கோடுகளிலும் ஒவ்வோர் எண் மட்டுமே வரும். ஒரு கோட்டில் எண் மாறியிருந்தால் அந்த நிரையில் எங்கோ கை தவறியிருக்கிறது.

## எண்ணிக்கையும் பின்னமும்

இனி ஒவ்வொரு சாய்கோட்டிலும் எத்தனை பெட்டிகள் என்று எண்ணி எழுதுவதுதான் வேலை. எண்ணிய பெட்டியில் பென்சிலால் சிறு புள்ளி வைத்துக்கொண்டு போங்கள். முடிவில் புள்ளி இல்லாத பெட்டியோ இரண்டு புள்ளி விழுந்த பெட்டியோ இருக்கக்கூடாது.

| கூட்டுத்தொகை | பேறுகள் (சிவப்பு, வெள்ளை) | எண்ணிக்கை | நிகழ்தகவு |
|---|---|---|---|
| 2 | (1,1) | 1 | 1/36 |
| 3 | (1,2) (2,1) | 2 | 2/36 |
| 4 | (1,3) (2,2) (3,1) | 3 | 3/36 |
| 5 | (1,4) (2,3) (3,2) (4,1) | 4 | 4/36 |
| 6 | (1,5) (2,4) (3,3) (4,2) (5,1) | 5 | 5/36 |
| 7 | (1,6) (2,5) (3,4) (4,3) (5,2) (6,1) | 6 | 6/36 |
| 8 | (2,6) (3,5) (4,4) (5,3) (6,2) | 5 | 5/36 |
| 9 | (3,6) (4,5) (5,4) (6,3) | 4 | 4/36 |
| 10 | (4,6) (5,5) (6,4) | 3 | 3/36 |
| 11 | (5,6) (6,5) | 2 | 2/36 |
| 12 | (6,6) | 1 | 1/36 |
| மொத்தம் | | 36 | 36/36 = 1 |

பின்னங்களை அட்டவணைக்குள் சுருக்க வேண்டாம். 2/36-ஐ 1/18 என்றும் 3/36-ஐ 1/12 என்றும் எழுதினால் பிழை இல்லைதான். ஆனால் பகுதிகள் வேறுவேறாகிவிட்டால் கூட்டிச் சரிபார்க்கத் திரும்பவும் பொதுப்பகுதி தேட வேண்டும். எல்லாம் 36-இல் நிற்கும்போது தொகுதிகளை மட்டும் கூட்டினால் போதும். கேள்விக்கான கடைசி விடையைச் சுருக்கிக் கொள்ளுங்கள்.

தசமத்தில் எழுதுபவர்களுக்கு வேறொரு தொல்லை. இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டினால் 2 முதல் 7 வரை 0.03, 0.06, 0.08, 0.11, 0.14, 0.17 என்று வரும். மறுபக்கம் அதே எண்கள் இறங்கும். எல்லாவற்றையும் கூட்டினால் 1.01. பிள்ளைகள் இதைக் கண்டு பயந்து, சரியாக இருந்த எண்ணிக்கையை அழித்து மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று தானத்துக்கு எழுதினால் 1.001, நான்குக்கு 1.0001. மீதி மட்டந்தட்டலால் வந்தது, எண்ணிக்கையில் பிழை இல்லை. அதனால் சரிபார்ப்பை எப்போதும் பின்னத்தில் செய்யுங்கள், தசமத்தைத் தனி நிரலில் வைத்துக்கொள்ளுங்கள்.

## சரிபார்ப்பு மொத்தம் எதைப் பிடிக்கும்

மருமகளின் முதல் அட்டவணைக்குத் திரும்புவோம். அவள் தன் எண்ணிக்கைகளைக் கூட்டினாள், 21 வந்தது. அந்த 21-ஐயே பகுதியாக எடுத்தாள். பிறகு பின்னங்களைக் கூட்டினால் 1 வராமல் வேறென்ன வரும்? எந்த எண்ணிக்கைகளை எழுதியிருந்தாலும், அவற்றின் மொத்தத்தாலேயே வகுத்தால் விடை 1 தான். அந்தச் சோதனையில் தோற்கவே முடியாது. ஆகவே அது சோதனையே இல்லை.

முதலில் 36 என்று எழுதி வட்டமிடச் சொன்னது இதற்காகத்தான். பெருக்கி வந்த 36 ஒரு பக்கம், எண்ணிக் கூட்டி வந்த மொத்தம் மறுபக்கம். இரண்டும் தனித்தனி வழிகளில் வந்தவை. அவை ஒத்துப்போனால்தான் அதற்குப் பெறுமதி. அவளுடைய அட்டவணையில் 36-க்குப் பதில் 21 நிற்கும், பதினைந்து குறைவு. அந்தப் பதினைந்தும் (1,2)-க்கு (2,1), (1,3)-க்கு (3,1) என்று அவள் விட்டுவிட்ட பதினைந்து இணைகள்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு கண்ணாடி மேசை இருந்தால் நல்லது. கட்டைகளை அதன் மேல் எறிந்துவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். முறையாகச் செய்த கட்டையில் எதிர் முகங்கள் இரண்டையும் கூட்டினால் 7 வரும். வாங்கிய கட்டை அப்படி இருக்கிறதா என்று முதலில் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே 2-உம் 3-உம் விழுந்து 5 என்றால், கீழே 5-உம் 4-உம் இருந்து 9. மேலே 11 என்றால் கீழே 3. மேலும் கீழும் சேர்த்து எப்போதும் 14. ஆகவே 5 வரும் ஒவ்வொரு விதத்துக்கும் அதைக் கவிழ்த்தால் 9 வரும் ஒரு விதம் உண்டு. அட்டவணை 7-க்கு மேலும் கீழும் கண்ணாடியில் பார்த்தது போல் இருப்பது இதனால்தான். இதைச் சொல்லித் தரும்போது மருமகள் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, நான் மேலே எறிய எறிய, கீழே தெரியும் எண்களை வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் இந்த இரண்டு சோதனைகளும் ஒன்றையொன்று நிரப்புகின்றன, ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. அவளுடைய 21 அட்டவணை கவிழ்ப்புச் சோதனையில் அழகாகத் தேறும், அதுவும் இரு பக்கமும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. இன்னொரு பிள்ளை எண்ணிக்கைகளை 1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2, 1 என்று சரியாக எழுதிவிட்டு, கூட்டுத்தொகை நிரலை 2-க்குப் பதில் 1-இல் தொடங்கியிருந்தான். அவனுக்கு மொத்தம் 36 வரும். ஆனால் கவிழ்த்தால் 1-க்குச் சோடி 13 ஆக வேண்டும், அது அட்டவணையிலேயே இல்லை. இரண்டு கட்டைகளில் 1 எப்படி விழும் என்று கேட்டாலே பிழை தெரிந்துவிடும்.

இரண்டிலும் தப்பிக்கும் பிழையும் உண்டு. 6-க்கு 6, 7-க்கு 4, 8-க்கு 6 என்று எழுதிப் பாருங்கள். 5 + 6 + 5 என்றாலும் 16, 6 + 4 + 6 என்றாலும் 16. மொத்தம் 36 தான், இரு பக்கமும் சமம்தான், ஆனால் அட்டவணை பிழை. இதைப் பிடிக்க நெய்யரிக்குத் திரும்பிப் போய்ப் புள்ளி வைத்து எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் பேறுகளை எழுதும் நிரலை விட்டுவிட வேண்டாம் என்று சொல்கிறேன். நேரம் எடுக்கும், ஆனால் பிழை ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை.

## அட்டவணையிலிருந்து விடை எடுத்தல்

கூட்டுத்தொகை முதன்மை எண்ணாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்டால், 2 முதல் 12 வரை உள்ள முதன்மை எண்கள் 2, 3, 5, 7, 11. அவற்றின் எண்ணிக்கைகள் 1, 2, 4, 6, 2. மொத்தம் 15. விடை 15/36, சுருக்கினால் 5/12. இங்கும் ஒரு சிறு சரிபார்ப்பு செய்யலாம். மிச்சமுள்ள 4, 6, 8, 9, 10, 12 ஆகியவற்றின் எண்ணிக்கைகள் 3, 5, 5, 4, 3, 1, மொத்தம் 21. 15-உம் 21-உம் 36. பிள்ளைகள் அதிகம் மறப்பது 2-ஐ. அதை மறந்தால் 14 வரும், மிச்சத்தைத் தனியாகக் கூட்டிப் பார்க்கும்போது ஒன்று குறைவது தெரிந்துவிடும்.

"9-க்குக் குறையாதது" என்று கேட்டால் 9-உம் சேரும். 4 + 3 + 2 + 1 = 10, விடை 10/36 = 5/18. "9-ஐவிடக் கூடியது" என்றால் 9 சேராது, 6/36 = 1/6. ஒரு சொல்லில் விடை ஏறக்குறைய பாதியாகிறது, ஆகவே கேள்வியின் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு அட்டவணைக்குப் போங்கள்.

## எறிந்து பார்த்து முடிவு செய்ய

இவ்வளவு சொன்ன பிறகும் வகுப்பில் யாராவது ஒருவர் 21 தான் சரி என்று நிற்பார். அவரிடம் வாதாட வேண்டாம், எறிந்து பார்க்கலாம். ஆனால் எதை எண்ணுவது என்பதை முதலில் தெரிந்திருக்க வேண்டும். 36 தரம் எறிந்து 12 ஒரு தரம் விழுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. 36 எறிகைகளில் 12 ஒரு தரம்கூட விழாமல் போவதற்கான நிகழ்தகவு (35/36)^36, அது ஏறத்தாழ 0.36. மூன்றில் ஒன்றுக்கும் மேல். அட்டவணை சரியாக இருந்தாலும் அப்படி நடக்கும்.

இரண்டு கட்டைகளிலும் ஒரே எண் விழுவதை எண்ணுங்கள். 36 அட்டவணைப்படி அப்படி ஆறு பேறுகள், 6/36 = 1/6. 21 அட்டவணைப்படியும் அதே ஆறுதான், ஆனால் 6/21 = 2/7. முப்பது பிள்ளைகள் ஆளுக்கு ஏழு தரம் எறிந்தால் 210 எறிகைகள். முதல் அட்டவணை உண்மையென்றால் ஒரே எண் விழுவது 35-ஐ ஒட்டி இருக்கும், இரண்டாவது உண்மையென்றால் 60-ஐ ஒட்டி இருக்கும். சரியாக 35 விழாது, ஐந்தாறு கூடலாம் குறையலாம். ஆனால் 35-க்கும் 60-க்கும் நடுவில் உள்ள தூரம் அந்தத் தடுமாற்றத்தைவிட மிகப் பெரிது, ஆகவே கரும்பலகையில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினாலே எது என்று தெளிவாகத் தெரியும். கட்டைகளைக் கையில் நன்றாகக் குலுக்கி, சீமெந்துத் தரையில் உருள விட வேண்டும். பாயில் எறிந்தால் மடிப்பில் சாய்ந்து நிற்கும், அப்படி நின்ற எறிகையை எண்ணாமல் திரும்ப எறிய வேண்டும்.

## கூட்டலுக்குப் பதில் கழித்தல்

அட்டவணையை முடித்த மருமகள் அடுத்த நாள் தானாகவே வித்தியாசத்துக்கும் ஒன்று போட்டுக்கொண்டு வந்தாள். பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்தால் என்ன வரும் என்று. அதே நெய்யரி, பெட்டிக்குள் எண் மட்டும் வேறு.

| வித்தியாசம் | 0 | 1 | 2 | 3 | 4 | 5 | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|---|
| எண்ணிக்கை | 6 | 10 | 8 | 6 | 4 | 2 | 36 |
| நிகழ்தகவு | 6/36 | 10/36 | 8/36 | 6/36 | 4/36 | 2/36 | 36/36 |

"மொத்தம் சரி மாமி. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்ல, பிழையோ?"

கட்டைகளை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைக்கச் சொன்னேன். மேலே 2-உம் 6-உம், வித்தியாசம் 4. குனிந்து பார்த்தாள். கீழே 5-உம் 1-உம், அங்கேயும் 4. கவிழ்த்தாலும் வித்தியாசம் மாறுவதில்லை, ஆகவே இந்த அட்டவணையில் கவிழ்ப்பு எந்த இரண்டு எண்ணிக்கைகளையும் சோடி சேர்க்காது, அந்தச் சோதனை இங்கே செல்லாது. வேறொன்று இருக்கிறது. 0-ஐத் தவிர மற்ற எல்லா எண்ணிக்கையும் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் (2,6) இருந்தால் (6,2)-உம் இருந்தே தீரும். அவள் 10, 8, 6, 4, 2 என்று விரலால் தொட்டுக்கொண்டே போய், கொப்பியின் மூலையில் வட்டமிட்டிருந்த 36-இல் விரலை நிறுத்தினாள்.